"அந்த 4 எதோட 4?": ஐகன் வெக்டரைக் கிராஃப் தாளில் தேடுவது எப்படி

பொறியியல் முதலாண்டு படிக்கும் என் சித்தி மகள் செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, λ² − 3λ − 4 = 0 வரைக்கும் வந்துடுவேன். 4, −1னு மூலமும் எடுத்துடுவேன். அப்புறம் ஒரு வெக்டர் வரும், அதையும் எழுதிடுவேன். ஆனா அந்த 4 எதோட 4?"

நியாயமான கேள்வி. இதற்குச் சமன்பாட்டில் பதில் தேடினால் கிடைக்காது, படத்தில்தான் கிடைக்கும். அன்றைக்கு அவளோடு கிராஃப் தாளில் செய்ததையே இங்கே எழுதுகிறேன். ஒரு கிராஃப் தாள், ஸ்கேல், பாகைமானி, இரண்டு நிறப் பேனா இருந்தால் போதும். ஒரு அலகுக்கு ஒரு சென்டிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அம்புகள் ஆதிப்புள்ளிக்கு எல்லாப் பக்கமும் போகும் என்பதால் அச்சுகளைத் தாளின் நடுவை ஒட்டி வரையுங்கள். நீளமான அம்பு ஒன்று தாளின் விளிம்பைத் தாண்டினால் அதைப் பாதி அளவில் வரைந்துகொள்ளலாம், திசை கெடாது.

நாம் எடுத்துக்கொள்ளும் அணி இது:

```
A = | 1  2 |
    | 3  2 |
```

முதலில், அணி என்ன செய்கிறது என்று பாருங்கள்

அணியை எண்கள் அடுக்கிய பெட்டியாகப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். அது ஒரு இயந்திரம். ஆதிப்புள்ளியிலிருந்து கிளம்பும் ஓர் அம்பை உள்ளே கொடுத்தால் வேறொரு அம்பை வெளியே தரும். கணக்கு நீங்கள் அறிந்ததுதான்: (x, y) உள்ளே போனால் (x + 2y, 3x + 2y) வெளியே வரும்.

(1, 0) என்ற அம்பை உள்ளே விடுங்கள். (1, 3) வரும். அது அணியின் முதல் நிரல். (0, 1)-ஐ விடுங்கள். (2, 2) வரும். அது இரண்டாம் நிரல். இது எந்த அணிக்கும் பொருந்தும்: கிடை அச்சின் ஓரலகு அம்பு எங்கே போய் விழுகிறது என்பதை முதல் நிரலும், குத்தச்சின் ஓரலகு அம்பு எங்கே போகிறது என்பதை இரண்டாம் நிரலும் சொல்லிவிடுகின்றன. மற்ற எல்லா அம்பும் இந்த இரண்டின் கலவைதான் என்பதால் இவை போன இடம் தெரிந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி.

உள்ளே போகும் அம்பை நீலத்திலும் வெளியே வருவதைச் சிவப்பிலும் வரையுங்கள். (1, 0) கிடையாகப் படுத்திருக்கிறது, அதாவது 0 டிகிரி. அதன் சிவப்பு அம்பு (1, 3) ஏறக்குறைய 71.6 டிகிரியில் நிற்கிறது. நன்றாகத் திரும்பிவிட்டது, நீளமும் கூடிவிட்டது. (0, 1) நேராக நிற்கிறது, 90 டிகிரி. அதன் சிவப்பு அம்பு 45 டிகிரியில் சாய்ந்துவிட்டது. இந்த அணியைப் பொறுத்தவரை நீட்டுவது, திருப்புவது இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

நாம் தேடுவது இதற்கு விதிவிலக்கான அம்பு. அணி அதையும் நீட்டலாம், சுருக்கலாம், பின்பக்கம் திருப்பிப் போடலாம். ஆனால் அது படுத்திருக்கும் கோட்டை விட்டு வெளியே தள்ளக்கூடாது.

நீலமும் சிவப்பும் சேரும் இடத்தைத் தேடுங்கள்

மேலே உள்ள இரண்டு அம்புகளை இன்னொரு முறை பாருங்கள். நீலம் 0 டிகிரியில் இருந்தபோது சிவப்பு அதற்கு முன்னால், 71.6-இல் இருந்தது. நீலம் 90-க்கு வந்தபோது சிவப்பு பின்தங்கி 45-இல் இருக்கிறது. நீல அம்பை 0-விலிருந்து 90 வரை மெல்ல நகர்த்தினால், முன்னால் இருந்த சிவப்பு எங்கோ ஓரிடத்தில் பின்னால் போயிருக்க வேண்டும். அம்பு தாவிக் குதிப்பதில்லை, தொடர்ச்சியாகத்தான் நகர்கிறது. அப்படியென்றால் நடுவில் ஒரு கணம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்க வேண்டும்.

அந்த இடத்தை நெருக்கிப் பிடிப்போம்.

நடுவிலுள்ள (1, 1)-ஐ எடுங்கள். நீலம் 45 டிகிரி. வெளியே வருவது (3, 5), அது 59 டிகிரி. சிவப்பு இன்னும் முன்னால்தான் இருக்கிறது. அப்படியானால் நீலத்தை இன்னும் மேலே தள்ளுங்கள். (1, 2)-ஐ எடுத்தால் நீலம் 63.4 டிகிரி, வெளியே (5, 7), 54.5 டிகிரி. இப்போது சிவப்பு பின்தங்கிவிட்டது. ஆக, தேடுவது 45-க்கும் 63.4-க்கும் நடுவில் இருக்கிறது.

இந்த இரண்டு அம்புகளையும் கூட்டி நடுவில் ஒன்றை எடுத்தால் (2, 3). உள்ளே விடுங்கள்: 2 + 6 = 8, 6 + 6 = 12. வெளியே (8, 12).

பாகைமானியே தேவையில்லை. (8, 12) என்பது அப்படியே 4 × (2, 3). ஸ்கேலை வைத்தால் ஆதிப்புள்ளி, (2, 3), (8, 12) மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும். அம்பு திரும்பவேயில்லை, நாலு மடங்கு நீண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

"இதோட 4 தான் அந்த 4" என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

(2, 3) ஒரு ஐகன் வெக்டர், 4 அதன் ஐகன் மதிப்பு. 'ஐகன்' என்பது ஜெர்மன் சொல், 'தனக்கே உரிய' என்று பொருள். இந்தப் பொருளில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டேவிட் ஹில்பர்ட், 1904-இல். இந்த அணிக்கே உரிய திசை என்று படித்தால் பெயர் மிரட்டாது.

இங்கே ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். (4, 6)-ஐ உள்ளே விட்டால் (16, 24) வரும், அதுவும் 4 மடங்கு. (−2, −3)-ஐ விட்டால் (−8, −12). (1, 1.5)-ஐ விட்டால் (4, 6). அந்தக் கோட்டில் உள்ள ஒவ்வோர் அம்பும் 4 மடங்காகிறது. ஆகவே ஐகன் வெக்டர் என்று ஒரே ஓர் அம்பைக் குறித்துச் சொல்வது வசதிக்காகத்தான். உண்மையில் அது ஒரு கோடு. உங்கள் விடை (2, 3), புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் (−4, −6) என்று இருந்தால் கணக்கை அடித்துவிட்டு மறுபடி போட உட்காராதீர்கள். இரண்டும் ஒரே கோடு.

−1 எங்கே? அது திருப்பிப் போடும் கோடு

நீல அம்பை 90 டிகிரியைத் தாண்டிக் கொண்டுபோங்கள். (−1, 1)-க்கு வரும்போது நீலம் 135 டிகிரியில் இருக்கும். வெளியே வருவது: −1 + 2 = 1, −3 + 2 = −1. அதாவது (1, −1).

நீளம் துளியும் மாறவில்லை. அம்பு மட்டும் நேர் எதிர்ப்பக்கம் பார்க்கிறது. (−1, 1)-ஐ −1 ஆல் பெருக்கினால் வருவதும் இதுதான். இது இரண்டாவது ஐகன் வெக்டர், இதன் மதிப்பு −1.

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. "திசை மாறாத வெக்டர்" என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது இடிக்கும். 180 டிகிரி திரும்பிய அம்பைத் திசை மாறாதது என்று எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டாம். அம்பின் முனையைப் பார்க்காதீர்கள், அம்பு படுத்திருக்கும் கோட்டைப் பாருங்கள். தண்டவாளத்தில் நிற்கும் ரயில் முன்னாலும் போகலாம், பின்னாலும் வரலாம், தண்டவாளத்தை விட்டு இறங்காது. மதிப்பு 1-ஐவிடப் பெரிதானால் அம்பு நீள்கிறது, 0-க்கும் 1-க்கும் நடுவில் என்றால் குறுகுகிறது, குறை எண் என்றால் திருப்பிப் போடப்படுகிறது. சரியாக 0 என்றால் அம்பு நசுங்கி ஆதிப்புள்ளியிலேயே முடிந்துவிடுகிறது. எண்ணின் அளவு நீட்டத்தைச் சொல்கிறது, குறி எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது.

சேராமலே போகும் அணிகளும் உண்டு

நீலத்தை 0, 45, 63.4, 90, 135 டிகிரி என்று இடஞ்சுழியாக நகர்த்தினோம். சிவப்பு எப்படி நகர்ந்தது? 71.6, 59, 54.5, 45, கடைசியில் −45. அது வலஞ்சுழியாகப் போயிருக்கிறது. நீலம் ஒரு பக்கம் சுற்றச் சுற்ற, சிவப்பு எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

கோயில் பிராகாரத்தில் ஒருவர் வலமாகவும் இன்னொருவர் இடமாகவும் சுற்றினால் எதிரெதிரே சந்தித்தே தீருவார்கள். ஆளுக்கு ஒரு முழுச் சுற்று முடிக்கும்போது இரண்டு முறை நேருக்கு நேர் வருவார்கள், இரண்டு முறை கருவறைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று எதிரெதிர் மூலையில் இருப்பார்கள். நேருக்கு நேர் வருவது (2, 3)-இலும் (−2, −3)-இலும். எதிர்மூலையில் நிற்பது (−1, 1)-இலும் (1, −1)-இலும். ஒன்று மிகை மதிப்பு, இன்னொன்று குறை மதிப்பு.

எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பதைப் படம் வரையாமலே சொல்லிவிடலாம். அணிக்கோவையைப் பாருங்கள்: 1 × 2 − 2 × 3 = −4. அணிக்கோவை குறை எண்ணாக இருந்தால் அந்த அணி தளத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாற்றிவிடுகிறது என்று பொருள். அதனால் சுற்றும் பக்கமும் மாறிவிடுகிறது. 2 × 2 அணியின் அணிக்கோவை குறை எண்ணாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மெய் ஐகன் மதிப்புகள் உண்டு, ஒன்று மிகை, ஒன்று குறை என்று எழுதலாம்.

அணிக்கோவை மிகை எண்ணாக இருந்தால் இருவரும் ஒரே பக்கமாகச் சுற்றுகிறார்கள். அப்போது சந்திப்புக்கு உத்தரவாதம் இல்லை. இதோ ஓர் அணி:

```
R = | 0  -1 |
    | 1   0 |
```

இது எந்த அம்பையும் 90 டிகிரி திருப்புகிறது. சிவப்பு எப்போதும் நீலத்துக்குக் கால் சுற்று முன்னால் போய்க்கொண்டே இருக்கும், பிடிபடவே பிடிபடாது. சமன்பாடு போட்டால் λ² + 1 = 0 என்று வரும், மெய்யெண் தீர்வு இல்லை. தேர்வில் i வந்தவுடன் எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தப்பில்லை. தாளில் அப்படிப்பட்ட கோடே கிடையாது என்பதைத்தான் அந்த i சொல்கிறது. 2 × 2 அணியில் இதை முன்கூட்டியே பார்க்க, முதன்மை மூலைவிட்டத்தில் உள்ள இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கப்படுத்துங்கள். அது அணிக்கோவையின் 4 மடங்கைவிடக் குறைவாக இருந்தால் சந்திப்பு இல்லை. R-க்கு 0-வும் 4-ம்.

நடுவில் ஒரு வகையும் உண்டு. சீட்டுக்கட்டின் அடிச்சீட்டை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

```
S = | 1  1 |
    | 0  1 |
```

கிடையாகப் படுத்திருக்கும் அம்பு அப்படியே இருக்கும். மற்ற எல்லாம் சாயும். λ = 1 என்ற மதிப்பு இரண்டு முறை வரும், ஆனால் கோடு ஒன்றே ஒன்றுதான். மதிப்பு இருமுறை வந்ததே என்று இரண்டாவது வெக்டரை எங்கிருந்தாவது தேடிப்பிடித்து எழுதினால் மதிப்பெண் போகும். எழுதியதை அணியில் விட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அணிக்கோவையை ஏன் 0 என்று வைக்கிறோம்

ஒவ்வோர் அணிக்கும் பாகைமானியோடு உட்கார முடியாது. அதனால்தான் சமன்பாடு. அதற்குள்ளும் ஒரு படம் இருக்கிறது, வகுப்பில் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

(2, 3)-ஐ A நாலு மடங்காக்குகிறது. எல்லா அம்பையும் வெறுமனே நாலு மடங்காக்கும் அணி 4I. A செய்ததிலிருந்து 4I செய்ததைக் கழித்தால் (2, 3)-க்கு மிஞ்சுவது என்ன? (8, 12) − (8, 12), ஒன்றுமில்லை. ஆக A − 4I என்ற அணி, பூச்சியம் அல்லாத ஓர் அம்பைப் பூச்சியமாக நசுக்குகிறது.

ஓர் அம்பு நசுங்கினால் அந்தக் கோடு முழுவதும் நசுங்கும். ஒரு கோடு காணாமல் போனால் தளத்துக்கு மிஞ்சுவது இன்னொரு கோடு மட்டுமே, அதற்குப் பரப்பு கிடையாது. அணிக்கோவை என்பது பரப்பு எத்தனை மடங்காகிறது என்ற கணக்கு. பரப்பு போய்விட்டால் அது 0. இப்போது திருப்பி யோசியுங்கள்: எந்த λ-வைக் கழித்தால் தளம் தட்டையாகும் என்று கேட்பதுதான் det(A − λI) = 0.

λ-வை மூலைவிட்டத்தில் மட்டும் கழியுங்கள். நாலு இடத்திலும் கழிப்பது முதல் பருவத்தில் அடிக்கடி பார்க்கும் பிழை. அலகு அணியில் 1 இருப்பது மூலைவிட்டத்தில் மட்டும்தானே.

```
(1 − λ)(2 − λ) − 6 = 0
λ² − 3λ − 4 = 0
(λ − 4)(λ + 1) = 0
```

அடுத்து λ = 4-ஐப் போடுங்கள்.

```
A − 4I = | -3   2 |
         |  3  -2 |
```

நசுங்கும் அம்பு (x, y) என்றால் −3x + 2y = 0. x = 2, y = 3. இரண்டாவது நிரையும் அதையேதான் சொல்கிறது. சொல்லியே ஆகவேண்டும். இரண்டு நிரைகளும் இரண்டு வெவ்வேறு சமன்பாட்டைத் தந்து x = 0, y = 0 என்று வந்தால், தளம் தட்டையாகவில்லை, உங்கள் λ தவறு. முந்தைய வரிக்குத் திரும்பிப் போங்கள்.

இதே அணியின் நிரல்களையும் பாருங்கள்: (−3, 3), (2, −2). இரண்டும் (1, −1) கோட்டில் இருக்கின்றன. தளம் தட்டையாகி எந்தக் கோட்டின்மேல் விழுகிறதோ, அது மற்ற ஐகன் வெக்டரின் கோடு! A + I-யின் நிரல்கள் இரண்டும் (2, 3). 2 × 2 அணியில் இரண்டு மதிப்புகளும் வேறு வேறாக இருந்தால் இது எப்போதும் நடக்கும். விடைத்தாளில் இதை வழிமுறையாக எழுதச் சொல்ல மாட்டேன், ஓரத்தில் பென்சிலால் சரிபார்க்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

அதிகம் நீளும் அம்பு என்று நினைத்துவிடாதீர்கள்

"அப்ப, ரொம்ப நீளுற திசைதான் ஐகன் வெக்டரா?" என்று கேட்டாள். கேட்கத் தோன்றும், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நம் தாளிலேயே பாருங்கள். (1, 1)-இன் நீளம் √2, ஏறக்குறைய 1.414. வெளியே வந்த (3, 5)-இன் நீளம் √34, ஏறக்குறைய 5.831. வகுத்தால் 4.12. ஐகன் வெக்டர் (2, 3) நீண்டது 4 மடங்குதான். ஐகன் வெக்டரே இல்லாத (1, 1) அதைவிட அதிகம் நீண்டிருக்கிறது. ஆனால் 14 டிகிரி திரும்பியும் விட்டது. ஐகன் வெக்டருக்கான நிபந்தனை கோடு மாறாமல் இருப்பது மட்டும்தான், பந்தயத்தில் முதலிடம் வருவது இல்லை.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்றால், பாடத்தில் பாதிக் கணக்குகள் சமச்சீர் அணிகளில் வருகின்றன. மூலைவிட்டத்துக்கு இருபுறமும் ஒரே எண்கள் உள்ள அணிகளில், அதிகம் நீளும் திசை உண்மையிலேயே ஐகன் வெக்டர்தான். அவற்றில் வேறு வேறு மதிப்புக்குரிய ஐகன் வெக்டர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் இருக்கும். அந்தப் பழக்கத்தில் எல்லா அணிக்கும் செங்குத்து என்று எழுதிவிடுகிறோம். நம் A-வில் 2-ம் 3-ம் எதிரெதிரே இருக்கின்றன, சமச்சீர் இல்லை. (2, 3), (1, −1) இரண்டின் புள்ளிப் பெருக்கல் 2 − 3 = −1. பூச்சியம் இல்லை, செங்குத்தும் இல்லை. பாகைமானியை வைத்தால் நடுவில் 101 டிகிரி இருக்கும்.

கணினியில் சரிபார்க்க வேண்டுமானால் மூன்று வரி போதும்:

```
import numpy as np
A = np.array([[1, 2], [3, 2]])
print(np.linalg.eig(A))
```

இதில் (2, 3) என்று வராது. 0.5547, 0.8321 என்ற எண்கள் வரும், இரண்டுக்கும் முன்னால் குறை அடையாளம் இருந்தாலும் இருக்கும். அது (2, 3)-ஐ அதன் நீளமான √13-ஆல் வகுத்தது, நீளம் 1 ஆக்குவதற்காக. வெக்டர்கள் நிரல் நிரலாக வரும், நிரை நிரையாக வராது. முதல் நிரையைப் படித்துவிட்டு "விடை பொருந்தலையே" என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

கண்டுபிடித்த கோட்டை வைத்து என்ன செய்வது

A-வை ஒரே அம்பின்மேல் திரும்பத் திரும்பச் செலுத்திப் பாருங்கள். (1, 0)-இல் தொடங்கினால்:

```
(1, 0) → (1, 3) → (7, 9) → (25, 39) → (103, 153) → (409, 615)
```

ஒவ்வொன்றிலும் y-ஐ x-ஆல் வகுங்கள்: 3, 1.286, 1.56, 1.485, 1.504. எதை நோக்கிப் போகிறது? 1.5. அதாவது (2, 3)-இன் சரிவு. ஐகன் வெக்டரைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் தொடங்கினாலும் அம்பு தானே அந்தக் கோட்டில் போய்ச் சாய்கிறது.

காரணம் தெரிய (1, 0)-ஐ இரண்டு ஐகன் கோடுகளின்மேல் பிரியுங்கள். a(2, 3) + b(1, −1) = (1, 0) என்று வைத்தால் a = 1/5, b = 3/5. அதாவது (0.4, 0.6) + (0.6, −0.6). அணி ஒவ்வொரு முறை செலுத்தப்படும்போதும் முதல் பங்கு 4 மடங்காகிறது. இரண்டாம் பங்கு நீளாமல் குறுகாமல் பின்பக்கம் திரும்புகிறது, அவ்வளவே. இரண்டு முறை செலுத்தினால் முதல் பங்கு 16 மடங்காகி (6.4, 9.6), இரண்டாம் பங்கு இரண்டு முறை திரும்பிப் பழைய இடத்துக்கே வந்து (0.6, −0.6). கூட்டுங்கள்: (7, 9). அணியைப் பெருக்காமலே விடை வந்துவிட்டது. பத்து முறை செலுத்தச் சொன்னாலும் இதே வேலைதான்: முதல் பங்கை 4¹⁰-ஆல் பெருக்கி, இரண்டாவதை அப்படியே கூட்டினால் முடிந்தது.

அந்த விகிதங்களை அவள் இன்னொரு முறை பார்த்தாள். "3 அதிகம், 1.286 கம்மி, 1.56 அதிகம், 1.485 கம்மி... ஏன் மாத்தி மாத்தி வருது?"

அதுதான் −1. (0.6, −0.6) என்ற பங்கு ஒவ்வொரு முறையும் பக்கம் மாறுவதால் அம்பு (2, 3) கோட்டுக்கு ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயுமாக மாறி மாறி விழுகிறது. முதல் பங்கு 4 மடங்கு வளர வளர, அந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரியாமல் சிறுத்துப்போகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் அதே தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தோம்.

```
B = | 4  1 |
    | 2  3 |
```

(1, 0)-இல் தொடங்கினால் (4, 2), (18, 14), (86, 78). விகிதங்கள் 0.5, 0.778, 0.907. ஆட்டமே இல்லை, கீழிருந்தே 1-ஐ நோக்கி ஏறுகிறது. "அப்ப ரெண்டு மதிப்பும் பிளஸ்தான்" என்று சமன்பாடு போடாமலே சொன்னாள். பிறகு போட்டுப் பார்த்தாள்: 5-ம் 2-ம்.